இரு குழு அளவீடுகளும் டி-சோதனையும்: புராஜெக்ட் எழுதும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாவரவியல், விலங்கியல், வேளாண்மை, சுற்றுச்சூழல் துறைகளில் இறுதியாண்டுப் புராஜெக்ட் எழுதும் மாணவ மாணவியருக்கு,

டி-சோதனை கேட்பது ஒரே ஒரு கேள்வி. இரண்டு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே தெரியும் வித்தியாசம், அந்த அளவீடுகள் தமக்குள்ளேயே ஏறி இறங்கும் அளவோடு வைத்துப் பார்த்தால் பெரியதா, சிறியதா? உரமிட்ட பாத்தியில் செடிகளின் சராசரி எடை கூடியிருக்கிறது என்று மட்டும் சொன்னால் எதுவும் நிறுவப்படவில்லை. உரமே இடாத பாத்தியிலும் ஒரு செடி நான்கு அலகு எடையும் பக்கத்துச் செடி ஆறு அலகு எடையும் இருக்கும். அந்த இயல்பான ஏற்ற இறக்கத்தினாலேயே இரண்டு பாத்திகளின் சராசரி கொஞ்சம் விலகி நிற்கலாம். விலகல் அந்த ஏற்ற இறக்கத்தால் விளங்கிவிடுமா என்பதைத்தான் சோதனை எடை போடுகிறது. உரம் நல்லதா, விவசாயிக்கு லாபமா, முடிவு முக்கியமானதா என்பவை அதன் வேலைக்கு வெளியே இருக்கின்றன.

சிறிய எண்ணிக்கையில் அளவீடு வைத்திருப்பவர்களுக்காகவே பிறந்த முறை இது. டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட், சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்ல வேண்டிய நெருக்கடியில் இருந்தார். 1908-இல் பயோமெட்ரிகா இதழில் ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் தன் கட்டுரையை வெளியிட்டார். பத்துப் பதினைந்து அளவீடுகளிலிருந்து கணக்கிடும் திட்ட விலக்கமே நம்பத்தகாமல் ஆடும் என்பதையும், அந்த ஆட்டத்துக்கும் கணக்கில் இடம் ஒதுக்க வேண்டும் என்பதையும் அவர் காட்டினார். இன்று வழக்கத்தில் உள்ள டி-மதிப்பின் வடிவத்தைப் பின்னர் ரொனால்ட் ஃபிஷர் ஒழுங்குபடுத்தினார். ஆகவே பத்துச் செடிகள் மட்டுமே இருக்கின்றன என்பதால் டி-சோதனை செல்லாது என்று வைவாவில் யாராவது சொன்னால், அது சோதனையின் பிறப்பையே மறந்த பேச்சு.

முறையை ஒரு மெய்யான தரவைக் கொண்டு பார்ப்பது நல்லது. ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளுடன் PlantGrowth என்ற தரவுத் தொகுப்பு கூடவே வருகிறது. 1983-இல் வெளிவந்த டாப்சனின் புள்ளியியல் பாடநூலிலிருந்து எடுக்கப்பட்டது. மூன்று குழுக்கள், ஒவ்வொன்றிலும் பத்துச் செடிகள், ஒவ்வொரு செடியின் உலர் எடை. ஒரு குழு கட்டுப்பாட்டுக் குழு. மற்ற இரண்டும் வெவ்வேறு நிலைமைகளில் வளர்ந்தவை. எடை எந்த அலகில் என்று தொகுப்பின் உதவிப் பக்கம் குறிப்பிடவில்லை. மாணவர் அறிக்கையில் அந்தக் குறை இருக்கவே கூடாது. அலகு இல்லாத எடையை வைத்து எந்த வித்தியாசமும் பெரியதா சிறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கே கட்டுப்பாட்டுக் குழுவும் இரண்டாம் நிலைமையில் வளர்ந்த குழுவும் ஒப்பிடப்படுகின்றன.

```
ctrl: 4.17 5.58 5.18 6.11 4.50 4.61 5.17 4.53 5.33 5.14
trt2: 6.31 5.12 5.54 5.50 5.37 5.29 4.92 6.15 5.80 5.26
```

கணக்கைத் தொடங்குவதற்கு முன் இந்த இருபது எண்களையும் ஒரு கோட்டின் மேல் புள்ளிகளாக வைத்துப் பார்க்க வேண்டும். வரைபடத்தாளும் பென்சிலும் போதும். ஒரு புள்ளி மட்டும் தனித்து எங்கோ நிற்கிறதா, 5.17 என்பது 51.7 என்று பதிவாகிவிட்டதா, ஒரு குழு இரண்டு கும்பலாகப் பிரிந்து கிடக்கிறதா என்பவை கண்ணுக்குத் தெரிந்துவிடும். இந்தத் தரவில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு குழுக்களும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. இரண்டாவது குழு சற்று வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. சோதனை எண்ணில் சொல்லப்போவதும் ஏறத்தாழ இதைத்தான்.

கட்டுப்பாட்டுக் குழுவின் சராசரி 5.032, இரண்டாவது குழுவின் சராசரி 5.526. வித்தியாசம் 0.494. இனி ஒவ்வொரு குழுவும் தன் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு எடையிலிருந்தும் அதன் குழுச் சராசரியைக் கழித்து, வர்க்கமாக்கி, கூட்டி, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து 9-ஆல் வகுத்தால் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு 0.340, இரண்டாவது குழுவுக்கு 0.196 வருகிறது. இவற்றின் வர்க்கமூலமே திட்ட விலக்கம்: 0.58, 0.44. ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் இடையே இயல்பாகவே அரை அலகு அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கிறது என்று இதைப் படிக்கலாம்.

ஆனால் ஒப்பிடப்படுவது தனிச் செடிகள் அல்ல, பத்துச் செடிகளின் சராசரிகள். சராசரி தனிச் செடியைவிட நிலையானது. அதனால் ஒவ்வொரு வர்க்கச் சிதறலையும் 10-ஆல் வகுத்து, இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கிடைப்பது வித்தியாசத்தின் திட்டப் பிழை. அதே சோதனையை அதே முறையில் திரும்பத் திரும்பச் செய்தால் வித்தியாசம் எவ்வளவு ஆடும் என்பதன் மதிப்பீடு அது.

```
SE = sqrt(0.340/10 + 0.196/10) = 0.2315
t  = (5.526 - 5.032) / 0.2315  = 2.134
```

டி-மதிப்பு 2.134 என்பதன் பொருள் இவ்வளவுதான்: கண்ட வித்தியாசம் தன் சொந்தத் திட்டப் பிழையைப் போல் 2.13 மடங்கு பெரியது. அந்த எண்ணுக்குள் வேறு எந்த மறைபொருளும் கிடையாது. சூத்திரத்தை மனப்பாடம் செய்து பிழையின்றி எழுதும் மாணவர்கள் பலர் இந்த ஒரு வரியைச் சொல்லத் தடுமாறுவதுதான் வருத்தம். வித்தியாசம் கூடினால் டி கூடும். சிதறல் குறைந்தாலும் கூடும். செடிகளின் எண்ணிக்கை கூடினாலும் கூடும். டி பெரியது என்றாலே விளைவு பெரியது என்று ஆகிவிடாததற்குக் காரணம் இந்த மூன்றாவது வழிதான்.

மென்பொருளில் இதே கணக்கு இரண்டு வரி.

```r
x <- subset(PlantGrowth, group != "trt1")
t.test(weight ~ group, data = x)
```

திரையில் வருவதில் முக்கியமான பகுதி இது:

```
t = -2.134, df = 16.786, p-value = 0.0479
95 percent confidence interval:
 -0.98287213 -0.00512879
```

எண்ணுக்கு முன் உள்ள கழித்தல் குறியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. மென்பொருள் முதல் குழுவிலிருந்து இரண்டாவதைக் கழித்திருக்கிறது. கழிக்கும் வரிசையை மாற்றினால் குறியும் மாறும். எக்செல்லில் செய்வோருக்கு =T.TEST(A2:A11,B2:B11,2,3) என்ற கட்டளை அதே 0.0479-ஐத் தரும், ஆனால் டி-மதிப்பையும் இடைவெளியையும் தராது. அதில் கடைசியில் உள்ள 3 என்ற எண், இரு குழுக்களின் சிதறலும் சமம் என்று வைத்துக்கொள்ளாத முறையைக் குறிக்கிறது. பெர்னார்ட் வெல்ச் வகுத்த முறை அது. ஆர் மென்பொருளும் வேறு சொல்லாதவரை அதையே செய்கிறது. சிதறல்கள் சமமா என்று முதலில் ஒரு சோதனை செய்து, அதன் விடையைப் பொறுத்து எந்த டி-சோதனை என்று தேர்ந்தெடுக்கும் பழக்கம் சில துறைகளில் இன்னும் இருக்கிறது. அது தேவையற்ற சுற்று. வெல்ச் முறை சிதறல் சமமாக இருக்கும்போதும் ஏறத்தாழ அதே விடையைத் தருகிறது; சமமில்லாதபோது காப்பாற்றுகிறது. கட்டின்மை எண் 16.786 என்று பின்னமாக வருவதும் அந்த முறையின் விளைவே, தட்டச்சுப் பிழை அல்ல.

இனி 0.0479 என்ற பி-மதிப்பு. புராஜெக்ட் அறிக்கைகளில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் எண் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இருபது எடைகளையும் இருபது சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பத்தாகப் பிரித்துவிடலாம். இப்போது எந்தச் சீட்டு எந்தக் குழுவில் விழும் என்பதற்கு வளர்ப்பு நிலைமை காரணமே அல்ல; முழுக்க முழுக்கத் தற்செயல். இப்படிப் பிரிக்க மொத்தம் 1,84,756 வழிகள் உண்டு. ஒவ்வொரு வழியிலும் இரண்டு சராசரிகளுக்கும் இடையே ஏதோ ஒரு வித்தியாசம் வரும். அவற்றுள் எத்தனை பங்கு, சோதனையில் உண்மையில் கண்ட 0.494-ஐ எந்தத் திசையிலேனும் எட்டுகிறது அல்லது தாண்டுகிறது? பி-மதிப்பு விடை சொல்வது இந்த வகைக் கேள்விக்கு. டி-சோதனை சீட்டுக் குலுக்காமல் ஒரு வளைகோட்டின் உதவியால் அந்தப் பங்கை மதிப்பிட்டுவிடுகிறது. இங்கே அது நூற்றுக்கு ஐந்தைவிடச் சற்றுக் குறைவு.

எனவே பி-மதிப்பின் சரியான வாசிப்பு ஒரு "என்றால்" உடன் தொடங்கும். வளர்ப்பு நிலைமைக்கு எடையில் எந்தப் பங்கும் இல்லை என்றால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய விலகல் நூறு முறையில் ஏறத்தாழ ஐந்து முறை வந்திருக்கும். இந்த "என்றால்" கழன்று விழுந்த இடத்தில்தான் தவறான வாக்கியங்கள் முளைக்கின்றன. "வித்தியாசம் உண்மையாக இருக்க 95 சதவீத வாய்ப்பு உள்ளது" என்று எழுதுவது தவறு. "முடிவு தற்செயலாக வந்திருக்க 4.8 சதவீத வாய்ப்பு" என்பதும் அதே தவறின் மறுவடிவம். விலகல் முழுக்கத் தற்செயல் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு கணக்கிட்ட எண், அது தற்செயலா இல்லையா என்பதன் வாய்ப்பைச் சொல்ல முடியாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் பி-மதிப்பு பற்றி வெளியிட்ட அறிக்கையும் இதை வெளிப்படையாகச் சொன்னது.

0.05 என்ற எல்லைக்கு இயற்கையில் எந்த இடமும் இல்லை. அது வழக்கத்தால் நிலைத்த எண். இந்தத் தரவில் 0.0479 அந்த எல்லைக்குள் மயிரிழையில் நிற்கிறது. ஒரு செடியின் எடை சற்று மாறியிருந்தால் 0.06 என்று வந்திருக்கும். அந்த நிலையில் செடிகளைப் பற்றித் தெரிந்திருப்பது எதுவும் பெரிதாக மாறியிருக்காது. ஆனால் அறிக்கையின் முடிவு வாக்கியம் மட்டும் தலைகீழாகியிருக்கும். ஒரு எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் எழுதினால் வரும் கேடு இது.

அதைத் தவிர்க்கும் வழி திரையிலேயே அடுத்த வரியில் இருக்கிறது. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.005 முதல் 0.983 வரை. திட்டப் பிழையை இந்தக் கட்டின்மை எண்ணுக்குரிய 2.11 என்ற அட்டவணை மதிப்பால் பெருக்கி, கண்ட வித்தியாசத்தின் இருபுறமும் கூட்டிக் கழித்தால் இது கைக்கணக்கிலும் வரும். இதே முறையில் பலமுறை சோதனை செய்து ஒவ்வொரு முறையும் இப்படி ஓர் இடைவெளி கணக்கிட்டால், அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உண்மையான வித்தியாசத்தை உள்ளடக்கும். கையில் இருக்கும் இந்த இடைவெளி சொல்வது: உண்மையான வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றுமே இல்லாததாகவும் இருக்கலாம், ஏறத்தாழ ஓர் அலகாகவும் இருக்கலாம், இரண்டோடும் இந்தத் தரவு ஒத்துப்போகிறது. கட்டுப்பாட்டுச் செடியின் சராசரியே ஐந்து அலகுதான் என்னும்போது, ஓர் அலகு என்பது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், 0.005 என்பது தராசின் பிழைக்குள் மறைந்துவிடும். பி-மதிப்பு மட்டும் தெரிந்த வாசகருக்கு இந்த நிச்சயமின்மை தெரியவே வராது.

ஆகவே அறிக்கையில் எழுதத்தக்க வாக்கியம் இப்படி அமையும்: "இரண்டாம் நிலைமையில் வளர்ந்த செடிகளின் சராசரி உலர் எடை, கட்டுப்பாட்டுக் குழுவைவிட 0.49 கூடுதலாக இருந்தது (95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.01 முதல் 0.98 வரை; வெல்ச் டி-சோதனை, டி = 2.13, கட்டின்மை எண் 16.8, பி = 0.048, குழுவுக்குப் பத்துச் செடிகள்). எடை கூடியிருப்பதற்கான சான்று இருக்கிறது, ஆனால் வலுவானதல்ல. எவ்வளவு கூடியது என்பதை இந்தச் சோதனை குறுகலாக வரையறுக்கவில்லை." முதலில் வித்தியாசம், அடுத்து அதன் நிச்சயமின்மை, அதன் பிறகே சோதனை எண்கள். "சிக்னிஃபிகன்ட்" என்ற ஒரு சொல்லை மட்டும் போட்டு முடித்துவிடும் அறிக்கையைவிட இதில் தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்விகள் குறைவு.

அதே தொகுப்பின் முதல் நிலைமைக் குழுவைக் கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்டால் பி-மதிப்பு 0.25 வருகிறது. "வித்தியாசம் இல்லை" என்று எழுதிவிட மனம் துடிக்கும் இடம் இது. கட்டுப்பாட்டுக் குழுவின் சராசரி 0.37 கூடுதல், இடைவெளி −0.29 முதல் 1.03 வரை. அதாவது முதல் நிலைமை செடிகளின் எடையை ஓர் அலகு குறைத்திருக்கும் சாத்தியத்தைக்கூட இந்தத் தரவு விலக்கவில்லை. விடை "வித்தியாசம் இல்லை" என்பதல்ல. "இத்தனை செடிகளை வைத்துச் சொல்ல முடியவில்லை" என்பது. அரை அலகு வித்தியாசத்தை நம்பகமாகக் காண வேண்டும் என்றால், இந்தச் செடிகளின் சிதறலுக்குக் குழுவுக்கு ஏறத்தாழ 18 செடிகள் வேண்டும். அப்போதும் ஐந்து முறையில் ஒரு முறை தவறிப்போகும். இந்தக் கணக்கை விதை போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

மூன்று குழுக்கள் இருக்கும்போது இரண்டிரண்டாக எடுத்து மூன்று டி-சோதனைகள் செய்வதும் பரவலான பழக்கம். ஒவ்வொரு சோதனைக்கும் தற்செயலாக எல்லையைத் தாண்டும் வாய்ப்பு தனித்தனியே உண்டு என்பதால், எங்காவது ஒன்று தாண்டிவிடும் வாய்ப்பு கூடுகிறது. இந்தத் தரவில் அதன் விளைவை நேரடியாகவே காணலாம். மூன்று குழுக்களையும் சேர்த்து மாறுபாட்டுப் பகுப்பாய்வு செய்து, பிறகு டூக்கி முறையில் இணைகளை ஒப்பிட்டால், தனியாகப் பார்த்தபோது 0.048 என்று நின்ற அதே ஒப்பீட்டின் பி-மதிப்பு 0.198 ஆகிவிடுகிறது. இரண்டு நிலைமைகளுக்கும் இடையிலான ஒப்பீடு மட்டும் 0.012 என்று எல்லைக்குள் நிற்கிறது. மூன்று குழு வளர்த்துவிட்டு, நன்றாக வந்த இரண்டை மட்டும் எடுத்து டி-சோதனை எழுதுவது நேர்மையான அறிக்கை ஆகாது. எத்தனை குழு வளர்க்கப்பட்டது, எத்தனை ஒப்பீடு செய்யப்பட்டது என்பது அறிக்கையில் இருந்தே தீர வேண்டும்.

இவற்றையெல்லாம்விட ஆழமாகப் புராஜெக்டைக் கெடுப்பது எண்ணிக்கை பற்றிய ஒரு குழப்பம். துல்லியத்துக்காக ஒவ்வொரு செடியையும் மும்மூன்று முறை எடை போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் பத்துச் செடி, மும்மூன்று அளவீடு, ஆக முப்பது என்று அட்டவணையில் நிரப்பி டி-சோதனைக்குக் கொடுத்தால் எல்லாம் பாழ். மேலே உள்ள தரவிலேயே ஒவ்வொரு எண்ணையும் மும்முறை எழுதிக் கணக்கிட்டால் வித்தியாசம் அதே 0.494; ஆனால் திட்டப் பிழை 0.129 ஆகச் சுருங்கி, டி 3.83-க்கு ஏறி, பி-மதிப்பு 0.001-க்கும் கீழே போய்விடும். புதிதாக ஒரு செடிகூட வளரவில்லை. புதிதாக எதுவும் தெரியவரவும் இல்லை. சான்று மட்டும் மாயமாக வலுத்துவிட்டது. ஒரே இலையின் மூன்று துண்டுகள், ஒரே தொட்டித் தண்ணீரிலிருந்து எடுத்த ஐந்து குப்பிகள் எல்லாம் இதே வகை. வளர்ப்பு நிலைமை எந்த அலகுக்குத் தனித்தனியாக வழங்கப்பட்டதோ அந்த அலகைத்தான் எண்ண வேண்டும். பத்துச் செடிகளும் ஒரே தொட்டியில் நின்று, உரம் தொட்டிக்கு இடப்பட்டிருந்தால், எண்ணிக்கை பத்து அல்ல, ஒன்று. அப்போது டி-சோதனைக்கே வழியில்லை.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு. சாராக் குழுக்கள் இரண்டில், கட்டின்மை எண் மொத்தச் செடிகளின் எண்ணிக்கையிலிருந்து இரண்டைக் கழித்தால் வருவதைத் தாண்ட முடியாது. இருபது செடி என்றால் உச்சம் 18. திரையில் ஐம்பதைத் தாண்டி ஓர் எண் நின்றால், அளவீடுகள் செடிகளாக வேடமிட்டிருக்கின்றன என்று பொருள். பிறருடைய அறிக்கையைப் படிக்கும்போதும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே. திருத்துவது சுலபம்: ஒவ்வொரு செடியின் மூன்று அளவீட்டுக்கும் சராசரி எடுத்து, செடிக்கு ஓர் எண் என்று வைத்துச் சோதனை செய்தால் போதும்.

கடைசியாக, இரண்டு பத்திகளில் எண்கள் இருந்தாலே அவை இரண்டு தனிக் குழுக்கள் என்று ஆகிவிடாது. இதற்கு மிகச் சிறந்த சான்று காசெட்டே 1908-இல் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்திய தரவு. குஷ்னி, பீபிள்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1905-இல் வெளியிட்ட தூக்க மருந்து ஆய்விலிருந்து வந்தது. பத்து நோயாளிகள், ஒவ்வொருவரும் இரண்டு மருந்துகளையும் வெவ்வேறு இரவுகளில் எடுத்தவர்கள். மருந்தில்லா இரவைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்பது அளவீடு. ஆர் மென்பொருளில் sleep என்ற பெயரில் இருக்கிறது.

```
1: 0.7 -1.6 -0.2 -1.2 -0.1 3.4 3.7 0.8 0.0 2.0
2: 1.9  0.8  1.1  0.1 -0.1 4.4 5.5 1.6 4.6 3.4
```

சராசரிகள் 0.75 மணி, 2.33 மணி. இவற்றை இரண்டு தனிக் குழுக்களாக நினைத்து வெல்ச் சோதனை செய்தால் டி 1.86, பி 0.079. ஆனால் மேலும் கீழும் உள்ள எண்கள் ஒரே மனிதருடையவை. ஆறாவது, ஏழாவது நோயாளிகளுக்கு எந்த மருந்தும் நன்றாக வேலை செய்கிறது. ஐந்தாவது நோயாளிக்கு இரண்டுமே செய்யவில்லை. ஆளுக்கு ஆள் உள்ள இந்தப் பெரிய வேற்றுமைதான் தனிக்குழுக் கணக்கில் சிதறலாக நுழைந்து திட்டப் பிழையைப் பெருக்குகிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் அந்த வேற்றுமை கழிந்துபோய்ப் பத்து வித்தியாசங்கள் மிஞ்சும்: 1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. சராசரி 1.58 மணி, திட்டப் பிழை 0.389, டி 4.06, கட்டின்மை எண் 9, பி 0.0028. இடைவெளி 0.70 முதல் 2.46 மணி வரை. இணைச் சோதனை என்பது இந்தப் பத்து எண்களின் சராசரி சுழியிலிருந்து விலகி நிற்கிறதா என்று பார்ப்பதுதான்.

```r
with(sleep, t.test(extra[group == 2],
                   extra[group == 1], paired = TRUE))
```

எக்செல்லில் கடைசி எண்ணை 3-க்குப் பதில் 1 என்று கொடுக்க வேண்டும். எதைத் தேர்வது என்பதை விடையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சோதனை நடத்திய விதமே முடிவு செய்துவிடுகிறது. ஒரே ஆற்றில் ஆலைக்கு மேலும் கீழும் ஒரே நாளில் எடுத்த நீர், ஒரே இலையின் இரு பாதிகள், ஒரே மாணவரின் பயிற்சிக்கு முன்னும் பின்னுமான நாடித்துடிப்பு எல்லாம் இணைகள். ஒரு பத்தியின் எண்களை மட்டும் மேலும் கீழுமாக இடம் மாற்றினால் பொருள் கெடுகிறதா என்று கேட்டுப் பார்த்தால் போதும். கெட்டால் அவை இணை. PlantGrowth செடிகளில் கெடாது, நோயாளிகளில் கெடும்.

இந்தப் பத்து வித்தியாசங்களில் 4.6 ஒன்று மட்டும் எட்டத்தில் நிற்கிறது. அதை நீக்கினால் சராசரி 1.58-இலிருந்து 1.24 மணியாகக் குறைகிறது. ஆனால் டி 4.06-இலிருந்து 5.66 ஆக ஏறுகிறது. இரண்டாவது மருந்துக்கு மிகவும் சாதகமான நோயாளியை நீக்கியும் சோதனை முடிவு வலுக்கிறது, ஏனென்றால் அந்த ஒருவர் வித்தியாசத்தைக் கூட்டியதைவிடச் சிதறலை அதிகமாகக் கூட்டியிருந்தார். புள்ளிக்கோட்டுப் படம் வரையாதவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. இப்படிப்பட்ட எண்ணைக் காரணமின்றி நீக்க உரிமை இல்லை; பதிவேட்டில் பிழை என்று நிறுவ முடிந்தால் மட்டும் நீக்கலாம். இல்லாவிட்டால் அதை வைத்துச் செய்த கணக்கை முதன்மையாகவும், விட்டுச் செய்த கணக்கை அதன் அடியிலும் கொடுத்து, எந்த எண் என்பதையும் குறிப்பிட வேண்டும்.